சாய்த்துப் பிடித்த ஒயர்

பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவருக்கு சனிக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வாரம் முழுக்க ஒடிந்த கீபோர்டு, காணாமல் போன மவுஸ், "சார், என் ஸ்கிரீன் கறுப்பா இருக்கு" என்று அலறுகிற வகுப்புகள். அதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் மாடி வீட்டுக்காரரின் பிரின்டர், மச்சினன் மொபைல், சகலை வீட்டு டிவி. லேப் சார் என்றே தெருவில் பெயராகிவிட்ட அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அதனாலேயே அவருக்கு எப்போதும் ஒரு களைப்பு இருந்தது. தூங்கினாலும் போகாத களைப்பு.

ஆனால் இந்தச் சனிக்கிழமைத் தொல்லையை யாரும் கொண்டுவந்து அவர் தலையில் கட்டவில்லை. அவரே இழுத்துவிட்டுக்கொண்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் அவர், அவர் மனைவி, மனைவியின் அம்மா, மூன்று பேர். அத்தை என்று அவர் கூப்பிடும் மாமியார் அந்தக் காலத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். டிக்டேஷன் ரெக்கார்டரைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கக் கேட்க அடித்துத் தள்ளியவர். வேலை ஓய்ந்து, கணவரும் போனபிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்ததிலிருந்து மகளும் மருமகனும் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பாத்திரம் கழுவ எழுந்தால் "உக்காரும்மா". துணி மடிக்க எடுத்தால் "விடுங்க அத்தை". பாவம், நல்ல மனுஷர்கள்.

அத்தைக்கு இன்று மாலை நாலு மணிக்கு இன்டர்வியூ. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை இயந்திரம் எழுத்தாக்கும், அதைக் கேட்டுத் திருத்திக் கொடுக்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். விண்ணப்பத்தை அவரே போட்டு, அவரே தேர்வாகி, கடைசி நேரத்தில்தான் வீட்டில் சொன்னார். கம்ப்யூட்டரில்தான் சேரவேண்டும், மொபைலில் முடியாது, டைப்பிங் பரீட்சையும் உண்டு என்று மின்னஞ்சலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

அத்தையின் லேப்டாப் பழசு. திறந்தால் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். அதைப் பார்த்து லேப் சாருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, அத்தை கண் டாக்டரிடம் போயிருந்த சமயம் பார்த்து, லேப்டாப்பைப் பையில் போட்டு லேபுக்கு எடுத்துக்கொண்டு போனார். அத்தையின் கோப்புகளை எல்லாம் பத்திரமாகப் பிரதி எடுத்தார். பழைய விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டார். கோப்புகளைத் திரும்ப வைத்தார். மாலையில் மேசை மேல் வைத்துவிட்டு, "அத்தை, இப்ப திறந்து பாருங்க, பறக்கும்" என்றார்.

அத்தை திறந்து பார்த்தார். உண்மையில் பறந்தது. "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய பழைய பொத்தான்கள் எங்கே போயின என்று ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார்.

அது பறந்ததே தவிர, வைஃபை மட்டும் இல்லை. அது இன்று காலையில்தான் தெரிந்தது.

லேபில் இன்டர்நெட் ஒயரில் வரும். இந்த லேப்டாப்பில் அந்த ஒயர் செருகும் ஓட்டை கிடையாது என்பதால், லேபில் கிடந்த ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டரைச் சொருகி அவர் வேலையை முடித்திருந்தார். வைஃபையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கட்டத்தில் அது கேட்டது: கிராஃபிக்ஸ், வைஃபை சாதனங்களுக்கு மூன்றாம் தரப்பு மென்பொருளையும் சேர்த்துப் போடட்டுமா என்று. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். லேப் சார் அதை டிக் செய்யவில்லை. மூலநிரலைக் காட்டாத சரக்கைச் சுத்தமான மெஷினில் ஏற்றுவது அவருக்குப் பிடிக்காது. இருபது வயதில் பிடித்துக்கொண்ட கொள்கை. வேறு எந்தக் கொள்கையையும் அவரால் இவ்வளவு நாள் காப்பாற்ற முடிந்ததில்லை, ஆகவே இதை விடுவதாக இல்லை.

இப்போது மூலையில் வைஃபை அடையாளமே இல்லை. அமைப்புகளில் போய்ப் பார்த்தால், வைஃபை அடாப்டர் எதுவும் கிடைக்கவில்லை என்று அமைதியாகச் சொன்னது.

"என்ன மாப்பிள்ளை, நெட் வரலியா?" என்று கேட்டார் அத்தை, வாசல் பக்கம் நின்றபடி.

"ஒண்ணுமில்ல அத்தை. சின்ன விஷயம்தான். அஞ்சு நிமிஷம்."

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்தார். உள்ளே இருக்கும் சாதனங்களின் வரிசை வந்தது. அதில் வைஃபை சிப் யாருடையது என்று பார்த்தார். பிராட்காம் கம்பெனி. சிப் அங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, ஆனால் அதோடு பேசத் தெரிந்த டிரைவர் இந்த மெஷினில் இல்லை. அந்த டிரைவர் எது என்றால், நேற்று அவர் டிக் செய்யாமல் விட்ட அந்தக் கட்டத்துக்குள் இருந்தது. டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். லேன் அடாப்டரோ பூட்டிய லேபில் கிடக்கிறது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சொந்த ஊரில்.

மொபைலை ஒயரில் மாட்டி டெதரிங் போட்டால் ஆயிற்று. மொபைலுக்கு வரும் வைஃபையை அது ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும், அதற்கு லினக்ஸுக்குத் தனியாக எந்த டிரைவரும் தேவையில்லை. இது அவருக்குத் தெரியாமலா? உடனே தன் மொபைலை எடுத்து, கட்டிலோரம் கிடந்த சார்ஜர் ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகினார். மொபைல் டிங் என்று சார்ஜ் ஏற ஆரம்பித்தது. டெதரிங் பொத்தான் மட்டும் மங்கிப்போய், தொட்டாலும் அசையாமல் இருந்தது.

சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர். உள்ளே டேட்டாவுக்கான கம்பியே கிடையாது.

மேசை டிராயரை இழுத்தார். ஒயர் ஒயராகப் பின்னிக்கொண்டு கிடந்தது. டார்ச்சோடு வந்தது, ஷேவரோடு வந்தது, தண்ணீர் பாட்டில் வாங்கியதற்கு இலவசமாக வந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொருகினார். எல்லாமே டிங் என்றன. எதுவும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல ஒயரை மனைவி ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தாள். அவளுக்கு இன்று ஸ்டாக் எடுக்கும் நாள், ராத்திரிதான் வருவாள். புளூடூத்தில் இழுக்கலாமா என்று பார்த்தால், அதுவும் அதே சிப்போடு சேர்ந்து படுத்துவிட்டது.

"என்கிட்ட ஒரு ஒயர் இருக்கு, பாக்கறீங்களா மாப்பிள்ளை?"

"வேண்டாம் அத்தை, அதெல்லாம் சார்ஜ் ஒயர்தான். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. சாயங்காலம் இன்டர்வியூ இருக்கு, அலட்டிக்காதீங்க."

அத்தை உள்ளே போனார்.

லேப் சாரின் மூளை அடுத்த வழிக்குத் தாவியது. வேறு ஒரு மெஷினில் டிரைவரை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிடலாம். தெருக்கோடியில் பிரின்ட் கடை இருக்கிறது. பென்டிரைவ்? பையில் இருந்தது. நேற்று லினக்ஸ் இன்ஸ்டால் செய்யப் பயன்படுத்திய அதே பென்டிரைவ். எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்.

பிரின்ட் கடைக்காரர் ஒரு கையால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே மறு கையால் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். லேப் சார் பென்டிரைவைச் சொருகினார். அந்த விண்டோஸுக்கு அதற்குள் இருப்பது புரியவில்லை. இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், உள்ள ஏதாவது இருந்தா போயிடுமே."

"ஒண்ணுமில்ல. வெறும் இன்ஸ்டாலர். வேலை முடிஞ்சுது" என்று சொல்லி, சரி என்பதை அழுத்தினார்.

பிராட்காம் டிரைவரின் பேக்கேஜைத் தேடி இறக்கினார். லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸின் பதிப்புக்குச் சரியானதுதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அந்த மட்டில் அவர் கெட்டிக்காரர்தான். வீட்டுக்கு வந்து கோப்பைப் பிரதி செய்து, டெர்மினலில் கட்டளையை அடித்து எண்டரைத் தட்டினார்.

சிவப்பாகத் திட்டு வந்தது. இந்த டிரைவர் தயார்ச் சரக்கு அல்ல. மெஷினிலேயே, லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு ஏற்றபடி கட்டி எழுப்பப்பட வேண்டியது. கட்டுவதற்கு டிகேஎம்எஸ் என்ற கருவி வேண்டும். அது இல்லை. அந்தக் கருவிக்கு, நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஒரு கம்பைலர் வேண்டும். அதுவும் இல்லை. அந்தக் கம்பைலர் தன் பங்குக்கு வேறு நாலைந்து பேரைத் துணைக்குக் கூப்பிடும். இன்டர்நெட் இருந்தால் அவர்களெல்லாம் தானாகவே வந்து சேர்வார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரையும் பென்டிரைவில் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

லேப் சார் நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

இன்ஸ்டாலர் பென்டிரைவுக்குள், இன்டர்நெட் இல்லாதவர்களுக்காக என்றே, ஒரு ஃபோல்டரில் இதெல்லாம் வைத்திருப்பார்கள். பிராட்காம் டிரைவர், டிகேஎம்எஸ், கம்பைலர், அதன் துணையாட்கள், எல்லாம். பென்டிரைவைச் சொருகி, அங்கிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் காலையிலேயே வேலை முடிந்திருக்கும். லேபில் பிள்ளைகளுக்கே ஒரு தடவை இதை அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கையில் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் தேடி, தேடினது போதாதென்று அதைத் தன் கையாலேயே அழித்து, அழித்த இடத்தில் உதவாத ஒரே ஒரு கோப்பை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கேட்கக் கேட்க, சரி என்று வேறு அழுத்தியிருக்கிறார்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. அப்படியே மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

திரும்பப் பிரின்ட் கடைக்கு ஓடினார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார், நாலரைக்குத்தான் திறப்பார் என்றார் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர். லேப் சார் அந்த ஷட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம், அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினார். உங்களுக்கு நல்லது செய்யத்தான் செய்தேன் என்று ஆரம்பிக்கலாம். அதைவிட மோசமான ஆரம்பம் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது.

வீட்டில் அத்தை தயாராக இருந்தார். தலை வாரி, நல்ல புடவை கட்டி, படிக்கிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். அது அவரை இன்டர்நெட் இல்லாத நீலத் திரையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை" என்றார் லேப் சார். "வரல. நான்தான் கெடுத்துட்டேன்."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்த ஒயரைப் பாத்துடலாமே மாப்பிள்ளை" என்றார், காலையில் சொன்ன அதே குரலில். மடியில் வைத்திருந்த ஒரு துணிப்பையிலிருந்து டிக்டேஷன் ரெக்கார்டரை எடுத்தார். அதோடு சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ஒரு ஒயர். "வக்கீலோட பேச்சை இதுலேர்ந்து கம்ப்யூட்டருக்கு இதுலதான் ஏத்துவேன். இந்த முனை உங்க போன்ல போவாது. என்னோடது பழசு, அதுல போவும். போட்டுப் பாத்தேன்."

ஒலிப்பதிவுகளை ஏற்றிய ஒயர் என்றால் டேட்டா போகிற ஒயர். மகள் தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருந்த அத்தையின் பழைய மொபைலில் அதன் முனை பொருந்தியது. மறுமுனையை லேப் சார் லேப்டாப்பில் சொருகினார். டிங். மொபைல் வீட்டு வைஃபையில்தான் இருந்தது. அமைப்புகளில் டெதரிங்கைத் தேடினார். பொத்தான் மங்கலாக இல்லை. தொட்டார். மூலையில், ஒயர் இணைப்பு கிடைத்துவிட்டது என்று லேப்டாப் அறிவித்தது.

அவ்வளவுதான். வேலை முடிந்தது. ஆனால் லேப் சாரைப் போன்ற ஆட்களுக்கு வேலை முடிந்தது என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஒயரில் இன்டர்நெட் வந்ததுமே அவர் விரல்கள் டெர்மினலுக்குப் போய்விட்டன. இப்போது நெட் இருக்கிறது, இப்போதே டிரைவரை முறையாகப் போட்டுவிட்டால் வைஃபை சுத்தமாக வந்துவிடும், அத்தை ஒயரும் மொபைலுமாக அல்லாடவேண்டாம். கட்டளை ஓடியது. டிரைவர், டிகேஎம்எஸ், கம்பைலர், துணையாட்கள் எல்லாரும் பட்டியலாக வந்து நின்றார்கள். கடைசியில் ஒரு கேள்வி: தொடரலாமா?

ஆம் என்று அடிக்க விரல் இறங்கியது.

"நெட்டு இப்ப வருதுல்ல?" என்றார் அத்தை.

"வருது அத்தை. ஆனா இது ஒயர்ல. நான் ஒழுங்கா டிரைவரைப் போட்டுடறேன். ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆவும், அவ்வளவுதான்."

"ரீஸ்டார்ட்டா? இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க."

"அதுக்குள்ள முடிஞ்சுடும்."

அத்தை அவரைப் பார்த்தார். மருமகனை எதிர்த்து அவர் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. "மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "கையை எடுங்க."

லேப் சார் கையை எடுத்தார். அத்தை தன் விரலால் வேண்டாம் என்பதற்கான எழுத்தை அடித்து எண்டரைத் தட்டினார். பட்டியல் மறைந்தது.

மின்னஞ்சலில் வந்த இன்டர்வியூ இணைப்பை அத்தை சொடுக்கியபோது ஒயர் கொஞ்சம் அசைந்தது. உடனே நெட் போய்விட்டது. அத்தையின் மொபைல் ஓட்டை தேய்ந்து தொளதொளவென்று இருந்தது. ஒயரை வலது பக்கமாக அழுத்திச் சாய்த்துப் பிடித்தால் வந்தது. விட்டால் போனது. போனால் டெதரிங்கை மறுபடி போடவேண்டும். லேப் சார் புத்தகத்தை முட்டுக்கொடுத்துப் பார்த்தார், துணி கிளிப்பால் கட்டிப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை.

"நான் புடிச்சுக்கறேன்" என்றார் லேப் சார். மேசைக்குக் கீழே உட்கார்ந்து, அத்தையின் காலருகே மொபைலைத் தரையில் வைத்து, ஒயரைக் கட்டைவிரலால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கேமராவில் அவர் தெரியமாட்டார். நகரவும் முடியாது. பேசவும் முடியாது. வாழ்க்கையில் அவர் ஒரு கம்ப்யூட்டர் அருகே இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தது அதுவே முதல் தடவை.

மேலே ஒரு பெண்ணின் குரல் வந்தது. அத்தை நிதானமாக வணக்கம் சொன்னார். முதலில் பரீட்சை. ஒரு டாக்டரின் குரல், இருமலுக்கு நடுவே மருந்துப் பெயர்களை முழுங்கி முழுங்கிச் சொன்னது. மேலே கீபோர்டு சீராகச் சத்தமிட்டது. நின்று, கேட்டு, மறுபடி. லேப் சார் கவனித்தார்: ஒரு இடத்தில்கூட அந்தச் சத்தம் தடுமாறவில்லை. இந்தச் சத்தத்தை இத்தனை நாள் இந்த வீட்டில் அவர் கேட்டதேயில்லை. அவர் கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. முழங்கால் குத்தியது. சுவரில் தலையைச் சாய்க்கலாம் என்றால் ஒயர் நகர்ந்துவிடும். சாய்க்கவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த வயசுல, குடும்பத்தோட இருக்கீங்க, ஏன் வேலைக்கு வரணும்னு நினைக்கறீங்க?"

மேலே சத்தமில்லை. ஒயர் போய்விட்டதோ என்று லேப் சார் பயந்து கட்டைவிரலை இன்னும் அழுத்தினார்.

"எங்க வீட்ல ரொம்ப நல்லவங்க" என்றார் அத்தை. "எனக்கு ஒரு குறையும் வைக்கல. எனக்கு என்ன வேணும்னு அவங்களே யோசிச்சு, அவங்களே செஞ்சு குடுத்துடறாங்க. ஆனா என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. ஒரு வேலைய நம்பி என்கிட்ட கேட்டு எவ்வளவோ நாளாச்சு. நீங்க கேப்பீங்கல்ல, இந்த நேரத்துக்குள்ள முடியுமான்னு. முடியும், முடியாதுன்னு நான் சொல்லலாம்ல. அதுக்குத்தான்மா."

அந்தப் பெண், திங்கட்கிழமைக்குள் ஒரு சின்னக் கோப்பை அனுப்பட்டுமா, பார்த்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

"திங்கள் முடியாது, கண்ணுக்கு மருந்து போடற நாள்" என்றார் அத்தை. "செவ்வாய் தர்றேன்." அந்தப் பெண் சரி என்றாள்.

அழைப்பு முடிந்து வெகுநேரம் ஆகியும் லேப் சார் ஒயரை விடவில்லை. அவருக்கு முகம் சுட்டது. இத்தனை நாள் அத்தைக்கு எவ்வளவு செய்கிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தார். மாடி வீட்டுக்காரரின் பிரின்டரைப் போல அத்தையையும் சரிசெய்துகொண்டே இருந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, வருத்தமாக இருந்தது.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. கால் மரத்துடும்."

ஒயரை விட்டார். நெட் போனது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை.

"அத்தை" என்றார். "உங்க பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுடட்டுமா? இல்ல இதுலயே இருக்கட்டுமா? நேத்து கேட்டிருக்கணும். கேக்கல."

அத்தை திரையில் இருந்த புதுப் பொத்தான்களை மேலும் கீழும் பார்த்தார். "வேகமா இருக்கு" என்றார். "இருக்கட்டும். ஒரு மாசம் பழகிப் பாக்கறேன். புடிக்கலேன்னா சொல்றேன்."

"வைஃபை டிரைவர் போடணும். ரீஸ்டார்ட் ஆவும். இப்ப போடலாமா?"

"அதைப் போட்டா எதுவும் கெடுமா?"

"கெடாது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு அதைச் செஞ்சவங்க காட்ட மாட்டாங்க. அது எனக்குப் புடிக்காது. அவ்வளவுதான்."

"உங்களுக்குப் புடிக்காதது என் கம்ப்யூட்டர்ல இருந்தா பரவால்லியா?"

"பரவால்ல அத்தை."

"அப்ப போடுங்க."

மறுபடி கீழே உட்கார்ந்து ஒயரைப் பிடித்துக்கொண்டார் லேப் சார். டெதரிங்கைப் போட்டார். கட்டளையை அவர் சொல்ல அத்தை அடித்தார். கேட்டுக் கேட்டு அடிப்பதில் அவருக்கு ஒரு எழுத்து பிசகவில்லை. பட்டியல் வந்தது. தொடரலாமா என்று அது கேட்டது. ஆம் என்று அத்தை அடித்தார். எல்லாம் இறங்கின. கட்டும் வேலை நடந்தது. நடுவில் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்டது. செக்யூர் பூட் என்று ஒரு காவல் இருக்கிறது, புதிதாகக் கட்டிய டிரைவரை அது உள்ளே விடாது, இது என் ஆள் என்று மெஷினின் உரிமையாளர் ரீஸ்டார்ட்டில் சொன்னால்தான் விடும், அதற்கான பாஸ்வேர்ட் இது என்று கீழேயிருந்து விளக்கினார்.

"என்ன போடட்டும்?"

"உங்க இஷ்டம் அத்தை. எட்டு எழுத்துக்குக் குறையாம. எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லி, மேசைக்குக் கீழே இருந்தும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தை யோசித்து யோசித்து அடித்தார். மறுபடி ஒரு தடவை கேட்டபோதும் அடித்தார். ரீஸ்டார்ட் ஆனது. நீலத் திரை ஒன்று வந்து, பத்து எண்ணுவதற்குள் ஏதாவது ஒரு பொத்தானைத் தொடச் சொன்னது. "தொடுங்க, தொடுங்க" என்று லேப் சாரின் வாய்தான் பதறியது, கை பதறவில்லை. அத்தை தொட்டார். புது டிரைவருக்கான சாவியைச் சேர்க்கவா என்றது. சேர் என்றார். பாஸ்வேர்டைத் தப்பில்லாமல் அடித்தார்.

மெஷின் எழுந்து வந்தது. மூலையில் வைஃபை அடையாளம் இருந்தது. சொடுக்கியதும் மாடி வீட்டுக்காரர், எதிர்வீடு, பிரின்ட் கடை என்று அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையாக இறங்கின. நடுவில் அவர்கள் வீட்டுடையது. அதன் பாஸ்வேர்டை அத்தை அடித்தார். இணைந்தது.

லேப் சார் தரையிலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரத்தில் முதல் தடவையாக, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அத்தை குனிந்து, லேப்டாப்பிலிருந்து ஒயரைத் தானே பிடுங்கினார். அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்டைப் போட்டு, ரெக்கார்டரோடு துணிப்பையில் வைத்தார்.

"அடுத்த வாட்டி வேணும்னா கேளுங்க மாப்பிள்ளை" என்றார். "இருக்குன்னு காலையிலேயே சொன்னேன்."